காமா தொகைக்கு மூன்று வழி: என் ஓட்டு பகுதித் தொகையிடலுக்கு

வியாசர்பாடியில் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் காமா தொகை வரும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 0 முதல் ∞ வரை x^n e^(−x) இன் தொகை n! என்று வாய்ப்பாடாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பரீட்சைக்கு அது போதும். ஆனால் "ஏன் சார் ஃபேக்டோரியல் வருது" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று வழி உண்டு: பெர்னோலி சூத்திரம், மாறிலி ஒன்றை உள்ளே நுழைத்து வகையிடுவது, அப்புறம் சாதாரணப் பகுதித் தொகையிடல். மூன்றையும் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். இப்போது பகுதித் தொகையிடலில்தான் ஆரம்பிக்கிறேன், மற்ற இரண்டும் பிறகுதான்.

முதலில் பெர்னோலி. பதினொன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுவதால் பிள்ளைகளுக்கு இது பழகின சமாச்சாரம். x^5 ஐ வகையிட்டுக்கொண்டே போ, e^(−x) ஐத் தொகையிட்டுக்கொண்டே போ, குறியை மாற்றி மாற்றிப் போட்டுப் பெருக்கு. இந்தக் கணக்கில் சூத்திரத்தின் குறியும் தொகையிடும்போது வரும் குறியும் சேர்ந்து எல்லா உறுப்பும் கழித்தலாகவே வந்து நிற்கும்:

```
−e^(−x) (x^5 + 5x^4 + 20x^3 + 60x^2 + 120x + 120)
```

∞ இல் இது பூஜ்யம், 0 இல் −120. கழித்தால் 120, அதாவது 5!. ஒரே வரியில் முடிகிறது. அடைப்புக்குள் இருப்பதிலிருந்து 120 ஐ வெளியே எடுத்துப் பாருங்கள், உள்ளே மிஞ்சுவது e^x இன் தொடரில் முதல் ஆறு உறுப்புகள். இந்த அழகு மற்ற இரண்டு வழியிலும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. மேல் எல்லை ∞ ஆக இல்லாமல் 1 என்று கொடுத்தாலும் பெர்னோலி அசராது: 120 − 326/e, சுமார் 0.0713. ஆனால் இதைக் கால்குலேட்டரில் போடும் பிள்ளைகள் 326/e ஐ 120 என்று முழுதாக்கிவிட்டு விடை பூஜ்யம் என்பார்கள். கிட்டத்தட்ட சமமான இரண்டு எண்களைக் கழிப்பதால் வரும் வினை இது. x^5 e^(−x) அந்த இடைவெளியில் எங்கும் x^5/e க்குக் கீழே போகாது, ஆகவே தொகை 1/(6e), அதாவது 0.061 க்குக் குறையவே முடியாது. அதை வைத்துத் தப்பைப் பிடித்துவிடலாம்.

அடுத்தது மாறிலி வழி. e^(−ax) ஐ 0 முதல் ∞ வரை தொகையிட்டால் 1/a, இது எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கத்தையும் x ஐ விட்டுவிட்டு a ஐப் பொறுத்து வகையிடுங்கள். இடது பக்கம் ஒவ்வொரு தடவையும் ஒரு −x உள்ளே இறங்கும். வலது பக்கம் 1/a என்பது −1/a², பிறகு 2/a³, பிறகு −6/a⁴ என்று போகும். கழித்தல் குறிகள் இரண்டு பக்கமும் அடிபட்டுவிட, n தடவைக்கு அப்புறம் n!/a^(n+1) கையில். ஃபேக்டோரியல் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது: அடுக்கு ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிப் பெருக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. விடையில் a வும் கூடவே வந்துவிடுவதால் x^4 e^(−3x) மாதிரி கேள்விக்கு 24/243, சுருக்கினால் 8/81 என்று உடனே எழுதலாம். இங்கே வழக்கமான தப்பு கீழே 3^5 க்குப் பதில் 3^4 போடுவது. n = 0 வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: விடை 1/3 வர வேண்டும், 1 வந்தால் அடுக்கில் ஒன்று குறைகிறது.

இந்த வழிக்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பெருமை உண்டு. துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக்கு மாறிய ராமானுஜன், பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முதல் காலாண்டு அறிக்கையில் இந்தத் தொகையைத்தான் எடுத்துக்கொண்டார். e^(−ax) இல் a இன் இடத்தில் ஒரு எண்ணின் அடுக்குகளை வரிசையாக வைத்துக் கூட்டி, இன்று அவர் பெயரால் முதன்மைத் தேற்றம் என்று சொல்லப்படுவதை எட்டினார். மாறிலியை உள்ளே நுழைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பின் ஏன் இதில் ஆரம்பிக்கவில்லை? தொகைக் குறிக்குள் புகுந்து வகையிடலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் கணக்கில் a > 0 இருக்கும்வரை தாராளமாகச் செய்யலாம், e^(−ax) எந்த அடுக்கையும் அமுக்கிவிடும். ஆனால் ஏன் செய்யலாம் என்பதைப் பிளஸ் டூவில் நிரூபிக்கக் கருவி கிடையாது, நம்பு என்றுதான் சொல்ல வேண்டும். போர்டு பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் எப்படி மார்க் போடுவார்கள் என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. இந்த வழியைப் பெரும்பாலும் இன்ஜினியரிங் முதல் வருஷப் பிள்ளைகளிடம்தான் காட்டியிருக்கிறேன், அதனால் பிளஸ் டூ அளவில் இதன் குறைநிறையை ரொம்ப அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சரி, பகுதித் தொகையிடல். தொகையை I(n) என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு தடவை பகுதித் தொகையிட்டால்:

```
I(n) = [−x^n e^(−x)] (0 முதல் ∞ வரை) + n·I(n−1)
```

அடைப்பு பூஜ்யமானால் I(n) = n·I(n−1). I(0) = 1. ஆக I(5) = 5·4·3·2·1. பார்க்க பெர்னோலியைவிட மெதுவாகத் தெரியும், உண்மையில் மெதுவுதான். ஆனாலும் நான் இதைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அந்த அடைப்பு. மற்ற இரண்டு வழியிலும் அது எங்கேயோ ஒளிந்துகொள்கிறது, இங்கே ஒவ்வொரு படியிலும் முன்னால் வந்து நின்று, என்னைச் சரிபார்த்தாயா என்று கேட்கிறது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஹாலைக் காட்டுவதற்கு முன்னால் தண்ணி வருமா என்று குழாயைத் திறந்து பார்ப்பது போல.

மேல் எல்லையில் பிரச்சினை இல்லை. x^5 e^(−x) என்பது x = 5 இல் சுமார் 21 வரை ஏறும், x = 20 இல் 0.0066 ஆகிவிடும். n எவ்வளவு பெரிதானாலும் உச்சம் x = n இல், அதைத் தாண்டினால் இறக்கம்தான். எல்லா வம்பும் கீழ் எல்லையில். n > 0 என்றால் 0 இல் x^n பூஜ்யம், அடைப்பு காலி. n = 0 என்றால்? x^0 என்பது 1, அடைப்பு காலியாகாது, அதன் மதிப்பு 1. அந்த 1 தான் I(0). அடைப்பு எப்போதும் பூஜ்யம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை I(0) = 0·I(−1) என்று எழுதி, மொத்தத்தையும் பூஜ்யமாக்கிவிட்டு வந்து நிற்கும். 0! ஏன் 1 என்று கேட்பவர்களுக்கும் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

இப்போது முடிவைத் தீர்மானித்த கணக்குக்கு வருகிறேன். அடுக்கு முழு எண்ணாக இல்லாவிட்டால்? x^(5/2) e^(−x) ஐ எடுங்கள். பெர்னோலியில் x^(5/2) ஐ வகையிட வகையிட 5/2, 3/2, 1/2 என்று இறங்கி −1/2 க்குப் போய்விடும், பூஜ்யத்தில் நிற்காது. வரிசை முடியவே முடியாது, அதோடு நான்காவது உறுப்பே 0 இல் வெடிக்கும். மாறிலி வழியில் 1/a இலிருந்து கிளம்பினால் முழு எண் அடுக்குகளைத்தான் தொட முடியும், அரை அடுக்குக்கு வேறு புறப்பாடு வேண்டும். பகுதித் தொகையிடலுக்கு n அரையா முழுசா என்ற கவலையே இல்லை, n > 0 ஆக இருந்தால் போதும்:

```
I(5/2) = (5/2)(3/2)(1/2)·I(−1/2)
```

I(−1/2) க்கு x = t² என்று மாற்றுங்கள். dx = 2t dt, உள்ளே இருந்த 1/t அடிபட்டு 2e^(−t²) மிஞ்சும். அதை 0 முதல் ∞ வரை தொகையிட்டால் √π (மணி வடிவ வளைகோட்டின் பரப்பு, அதை எப்படி நிறுவுவது என்பது தனிக் கதை). ஆக விடை (15/8)√π, சுமார் 3.32. 2! க்கும் 3! க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, சரிதான்.

இதே தொகையில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான். இறங்கிப் பார்ப்போம். I(−1/2) = (−1/2)·I(−3/2) என்று எழுதினால் I(−3/2) = −2√π. உள்ளே இருக்கும் x^(−3/2) e^(−x) முழுக்க நேர்க்குறி, தொகை மட்டும் எப்படிக் கழித்தலாக வரும்? வராது. n = −1/2 இல் அடைப்பு 0 பக்கம் எல்லையில்லாமல் பெரிதாகிறது, அதனால் அந்தப் படியை எடுத்திருக்கவே கூடாது. தொகை n > −1 க்குத்தான் உயிரோடு இருக்கும், சூத்திரத்தை n > 0 இல்தான் போட வேண்டும். −2√π என்ற எண்ணுக்கும் ஓர் அர்த்தம் உண்டு: காமா சார்பைக் கழித்தல் பக்கம் நீட்டினால் Γ(−1/2) அதுதான். ஆனால் அது நீட்டிப்பின் மதிப்பு, பரப்பின் மதிப்பு இல்லை.

Γ என்று எழுதும்போது ஒன்றைக் கவனிக்கணும். Γ(n) இல் x இன் அடுக்கு n−1, ஆகவே Γ(5) என்பது 4!, அதாவது 24. ஆய்லர் 1730 வாக்கில் இந்தத் தொகையை (−ln x)^n என்று 0 முதல் 1 வரை எழுதியபோது இந்த ஒன்று குறைகிற தொல்லை இல்லை, x = e^(−t) என்று போட்டால் நேராக n! வரும். ஒன்று தள்ளிவைத்த குறியீடு பிற்பாடு லெஜாந்தர் கொண்டுவந்தது. நான் போர்டில் I(n) என்றே எழுதுகிறேன். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் Γ(n+1) = I(n) என்று ஓரத்தில் ஒரு வரி.