ஒரு பெட்ஷீட்டுக்கு 42 ரூபாய் வீதம் 44,520 ரூபாய் போச்சு: ஆன்லைனில் விற்பவர்கள் படிச்சிடுங்க

நான் விற்கிற ஆன்லைன் தளத்தில் போட்ட புகார் டிக்கெட்டை நேத்து சாயங்காலம் மறுபடியும் மூடிட்டாங்க. அந்தக் கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

நான் கரூர். சொந்தத் தறி கிடையாது. வாங்கி, தைச்சு, பேக் பண்ணி ஆன்லைனில் விற்கிறேன். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் மூணு வருஷமா கடை இருக்கு, பேர் வேண்டாம். அதிகமாப் போறது ஒரே சரக்குதான். சிங்கிள் பெட்ஷீட், கூட ஒரு தலையணை உறை, விலை 649 ரூபாய். எல்லாச் செலவும் போக ஒண்ணுக்கு எனக்கு நிற்கிறது 60 ரூபாய். அந்த 60-ல் 42-ஐ நாலு மாசமா தளம் எடுத்திருக்கு. எனக்குத் தெரியவே இல்லை.

தளத்தில் சேர்ந்த புதுசில் எங்களுக்குன்னு ஒரு அக்கவுண்ட் மேனேஜர் இருந்தார். மரியாதையா பேசுவார். கட்டணம் எப்படிப் பிடிக்கிறாங்கன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, "அண்ணா, நீங்க சரக்கைப் பாருங்க, கணக்கை சிஸ்டம் பார்த்துக்கும். தப்பா ஒரு ரூபா பிடிச்சாலும் தானா திரும்ப வந்துடும்"னார். நம்பிட்டேன். வாராவாரம் பணம் வந்தது, அக்கவுண்டில் ஏறினதும் மெசேஜைப் பார்த்துட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவேன். மாசக் கடைசியில் வர்ற கட்டண இன்வாய்ஸை அப்படியே ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பிடுவேன். மூணு வருஷமா இதுதான் நடந்தது.

இந்த அக்டோபர் முதல் வாரம் ஆடிட்டர் ஆபீசில் புதுசா சேர்ந்த பொண்ணு போன் பண்ணுச்சு. மத்தவங்க நமக்குப் போட்ட பில்லெல்லாம் ஜிஎஸ்டி கணக்கில் தானா வர்ற GSTR-2B பட்டியலில், தளம் நமக்குப் போட்ட பில் தொகையை மாசவாரியா பார்த்திருக்கு. "அண்ணா, உங்க விற்பனை கூடவே இல்லையே, அவங்க பில் மட்டும் ஏன் 41 ஆயிரத்துல இருந்து 52 ஆயிரத்துக்குப் போயிருக்கு?" என்னால் பதில் சொல்ல முடியலை.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து இன்வாய்ஸைத் திறந்தேன். கமிஷன் சரி. ஆர்டருக்கு 20 ரூபாய் நிலைக் கட்டணம் சரி. டெலிவரி கட்டணம் மட்டும் 13 ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்து 25 ஆயிரத்தைத் தாண்டியிருக்கு. ஆனா இன்வாய்ஸில் அது ஒரே வரி, எந்த ஆர்டருக்கு எவ்வளவுன்னு இருக்காது. பேங்க் வரவோடு ஒப்பிடலாம்னா அதுவும் முடியாது. இன்வாய்ஸ் மாசத்துக்கு ஒண்ணு, பணம் வாரத்துக்கு ஒரு தடவை. ஜூன் 28-ல் போன ஆர்டருக்குக் கட்டணம் ஜூன் பில்லில் ஏறும், பணம் ஜூலையில் வரும். நடுவில் ரிட்டர்ன் வந்தா அடுத்த வாரப் பணத்தில் கழிச்சுடுவாங்க. அதனால்தான் வரவு குறைஞ்சப்பல்லாம் 'ரிட்டர்ன் அதிகம் போல'ன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

ஆர்டர் வாரியா பார்க்கணும்னா செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இறக்கணும். இறக்கி, ரிட்டர்ன் ஆகாத ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். விலை 649. கமிஷன் 12 சதவீதம், அதாவது 77 ரூபாய் 88 பைசா. நிலைக் கட்டணம் 20. அரைக் கிலோ வரை டெலிவரி 48. இந்த மூணுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி 26 ரூபாய் 26 பைசா. தளம் நம்ம பேரில் பிடிச்சு அரசுக்குக் கட்டுற டிசிஎஸ் அரை சதவீதம், வரி நீக்கின விலையில், மூணு ரூபாய்ச் சொச்சம். டிடிஎஸ் அறுபது பைசா சொச்சம். எல்லாம் போக 473 ரூபாய் வரணும். வந்தது 423. டெலிவரிக்கு 48-க்குப் பதில் 90 பிடிச்சிருக்காங்க. கூடுதல் 42, அதுக்கு ஜிஎஸ்டி வேற. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியா எடுத்து நான் கட்ட வேண்டிய வரியில் கழிச்சுக்கலாம், அந்த 42 போனது போனதுதான்.

ஏன் 90? அதே ரிப்போர்ட்டில் கட்டணத்துக்கு எடுத்துக்கிட்ட எடைன்னு ஒரு கட்டம் தள்ளித் தள்ளிக் கடைசியில் இருந்துச்சு. 1.2 கிலோ. என் பார்சலைத் தராசில் வெச்சா 460 கிராம்! டெலிவரியில் நிஜ எடை, கன அளவு எடை ரெண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தா கன அளவு எடை கிலோவில் வரும். என் பார்சல் 30, 25, 3. வகுத்தா 0.45 கிலோ, அரைக் கிலோவுக்குள்ள அடங்கிடும். அவங்க கிடங்கில் ஜூன் மாசம் ஒரு நாள் மறுபடி அளந்திருக்காங்க. உயரம் 3-க்குப் பதில் 8-ன்னு ஏறியிருக்கு. 30, 25, 8-ஐப் பெருக்கி வகுத்தா சரியா 1.2. ஒன்றரைக் கிலோ ஸ்லாபுக்குப் போயிடுச்சு. அன்னையில் இருந்து அந்தச் சரக்கில் போன ஒவ்வொரு பார்சலுக்கும் அதே கட்டணம். மொத்தம் 1,130 ஆர்டர்.

விலை போடும் பக்கத்தில் அன்னைக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் 48-ன்னுதான் காட்டுச்சு. அதைப் பார்த்துத்தான் 649-ன்னு விலை வெச்சேன். எனக்கு வயிறெரியறது இங்கதான். பிடிக்கிறது ஒண்ணு, காட்டுறது ஒண்ணு.

டிக்கெட் போட்டேன். முதல் பதில், 'கிடங்கில் அளந்த அளவே இறுதியானது', மூடியாச்சு. மறுபடி திறந்து, பார்சல் தராசில் இருக்கிற படம், பக்கத்தில் டேப் வெச்ச படம், மூணு பக்கமும் எடுத்து அனுப்பினேன். படம் தெளிவா இல்லைன்னு மூடினாங்க. வெயிலில் வாசப்படியில் வெச்சு மறுபடி எடுத்தேன், டேப்பில் 3 பளிச்சுன்னு தெரியுது. நாலு நாள் கழிச்சு அளவைச் சரி பண்ணிட்டாங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டாச்சு இல்லையா? அப்ப பழைய பணம்? 'அளவு மாறினால் 7 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டும், எனவே கடைசி 7 நாள் ஆர்டர்களுக்கு மட்டும்.' 70 ஆர்டருக்கு 2,940 ரூபாய் வந்துச்சு. மீதி 1,060 ஆர்டர், 44,520 ரூபாய், கிடையாது.

அளவு மாறினதைச் சொல்லவே இல்லையேன்னு கேட்டா, அறிவிப்புப் பகுதியில் போட்டோம்ங்கிறாங்க. போய்ப் பார்த்தேன். விளம்பரச் சலுகை, பண்டிகைத் தள்ளுபடின்னு நூறு அறிவிப்புக்கு நடுவில் ஒரு வரி கிடக்கு. அக்கவுண்ட் மேனேஜரைக் கூப்பிட்டேன். "அண்ணா, நான் இப்ப வேற பிரிவு, டிக்கெட் போடுங்க"ன்னு வெச்சுட்டார். தானா திரும்ப வரும்னு சொன்னவர் அவர்தான்.

44,520 ரூபாய் எங்க தையல்காரக்கா ரெண்டு பேருக்கு ரெண்டு மாசக் கூலி.

என்ன பண்ணணும்னு விவரமா எழுத நினைச்சேன், பிக்கப் வண்டி வர்ற நேரமாச்சு. அவசரமா மூணு. ஒண்ணு, இன்வாய்ஸ் மொத்தத்தை நம்பாதீங்க, வாரம் ஒரு தடவை செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஆர்டரையாவது கையால் கூட்டிப் பாருங்க. எடைக் கட்டத்தை முதலில் பாருங்க, அதைக் கடைசியில் ஒளிச்சு வெச்சிருப்பாங்க. ரெண்டு, பார்சலைத் தராசிலும் டேப்பிலும் வெச்சு வெயிலில் இப்பவே படம் எடுத்து வைங்க, தேதியோட. மூணு, ரிட்டர்ன் ஆர்டரில் கமிஷன் திரும்ப வந்துச்சான்னு கிரெடிட் நோட்டைப் பாருங்க, நான் இன்னும் அதைப் பார்க்கவே ஆரம்பிக்கலை.

டிக்கெட்டை இன்னைக்குக் காலையில் அஞ்சாவது தடவை திறந்திருக்கேன். அளவை அவங்களே திருத்தின தேதியையும், 1,060 ஆர்டர் நம்பரையும் சேர்த்து அனுப்பியிருக்கேன்.