ஏழு டேங்க் மருந்தும் பத்து வருட உத்தரவாதமும்

பேஸ்மட்டம் வரை வேலை முடிந்து, உள்ளே மண் நிரப்பித் தரைக்குக் காங்கிரீட் போடும் கட்டத்தில் இருப்பவர்கள், கரையான் மருந்து அடிப்பது பற்றிய இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள். காங்கிரீட் விழுந்த பிறகு தெரிந்து பெரிய பயன் இல்லை.

குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. குளியலறையை ஒட்டிய படுக்கையறையின் கதவு நிலையில், தரையோடு சேரும் இடத்தில் பென்சில் பருமனில் ஒரு மண்கோடு மேலே ஏறியிருந்தது. கொத்தனார் விட்டுப்போன சிமெண்ட் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்த மண்ணுக்குள் ஈரம் இருந்தது, வெள்ளை வெள்ளையாகக் கரையான் ஓடியது. நிலையைத் தட்டினால் முழங்கால் உயரம் வரை பொத்தென்று சத்தம். பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்க, உள்ளே மரத்தைத் தின்று தாள் தாளாக ஆக்கிவிட்டிருந்தன.

கட்டும்போதே கரையான் மருந்து அடித்த வீடு இது. பத்து வருட உத்தரவாதச் சீட்டும் கையில் இருக்கிறது. பிறகு ஏன் வந்தது என்று புரியாமல், அன்று மருந்து அடித்தபோது எடுத்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கணக்குப் போட்டபோதுதான் எல்லாம் விளங்கியது.

எங்கள் வீட்டின் தரைத்தளம் 10 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 90 சதுர மீட்டர். நிரப்பிய மண்ணின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கலவை ஊற்ற வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி ஐ.எஸ். 6313. அப்படியானால் 450 லிட்டர். வந்தவர்கள் கொண்டுவந்தது முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயர் ஒன்று. அதை 28 முறை நிரப்பியிருக்க வேண்டும். அவர்கள் நிரப்பியது ஏழு முறை. முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதில் மோசம் என்னவென்றால், கலவை சரியாகத்தான் இருந்தது. இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீத மருந்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலக்க வேண்டும். அவர்கள் கால் லிட்டர் பாட்டிலை என் கண் முன்னால்தான் உடைத்து, அளந்து கலந்தார்கள். நானும் திருப்தியாகத் தலையாட்டினேன். ஆனால் 450 லிட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான மருந்து தேவை. கால் லிட்டர் என்பது கால்வாசி வீட்டுக்குத்தான் காணும். மருந்தின் அடர்த்தி ஒன்று, மண்ணில் இறங்கும் அளவு வேறொன்று. இரண்டும் சரியாக இருந்தால்தான் வேலைக்கு ஆகும். எங்கள் வீட்டில் முதலாவதைக் காட்டி இரண்டாவதை ஏமாற்றினார்கள்.

அன்றே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடியோவில் ஓர் இடத்தில் என் மகன் குச்சியால் மண்ணைக் கிளறுகிறான். மேலே ஒரு விரல் கனம்கூட ஈரம் இல்லை, அதற்குக் கீழே பொடியாக, காய்ந்த கிராவல். திமிசு போட்டு இறுக்கிய மண்ணில் சும்மா தெளித்தால் மருந்து உள்ளே இறங்காது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடி ஒரு மூலையில் குட்டையாகத் தேங்கும். அதற்காகத்தான் முதலில் கம்பியால் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், 5 முதல் 7.5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி குத்திவிட்டு அதன் மேல் மருந்தை ஊற்றச் சொல்கிறார்கள். எங்கள் மண்ணில் ஒரு குழிகூடக் குத்தவில்லை. ஸ்பிரேயர் முனையை வைத்துச் செடிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல நடந்துகொண்டே தெளித்திருக்கிறார்கள். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் 3 சென்டிமீட்டருக்குச் சிறு வாய்க்கால் வெட்டி அதில் தனியாக மருந்து விடுவதும் நடக்கவில்லை. காங்கிரீட் காய்ந்து சுருங்கும்போது சுவரோரத்தில் மெல்லிய விரிசல் விடும். கரையானுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே போதும்.

அப்புறம் நடந்தது இன்னொன்று. இதில் என் அஜாக்கிரதையும் சேர்ந்திருக்கிறது. மருந்து அடித்து நான்காம் நாள் பிளம்பர் வந்து, குளியலறைக் கழிவுக் குழாய்க்காக அதே மண்ணில் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார். குழாயைப் பதித்து, தோண்டிய மண்ணையே மேலும் கீழுமாகத் தள்ளி மூடினார். மருந்து பட்ட மேல்மண் அடியில் போனது, மருந்து படாத அடிமண் மேலே வந்தது. மறுநாள் காங்கிரீட் போட்டாகிவிட்டது. மருந்துப் படலம் இடைவெளியே இல்லாமல் தரை முழுவதும் பரவியிருக்க வேண்டிய ஒன்று. ஓரிடத்தில் அறுந்தால், தோண்டிய அந்த இடத்தில் திரும்ப அடிக்க வேண்டும். குழாய் மேலே வரும் இடத்தைச் சுற்றியும் மண்ணைத் தளர்த்தித் தனியாக மருந்து விட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குழாய் வேலை எல்லாம் முடிந்தபின் வருகிறோம் என்று மருந்து அடிப்பவர்தான் சொல்லியிருக்க வேண்டும். கரையான் வந்தது சரியாக அந்தக் குழாயை ஒட்டித்தான். டைல்ஸைப் பெயர்த்தபோது குழாயைச் சுற்றி மண் பூசிய பாதையைக் கண்ணால் பார்த்தேன்.

உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு போன் செய்தேன்.

"சார், பின்னாடி பொடி எழுத்தைப் படிச்சீங்களா? மருந்து அடிச்ச மண்ணைத் தோண்டியிருந்தா உத்தரவாதம் செல்லாது."

"ஏழு டேங்க்தான் அடிச்சீங்க, வீடியோ இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"வேணும்னா வந்து ஒருதடவை இலவசமா அடிச்சுத் தர்றோம் சார்."

சீட்டில் இருந்ததும் அவ்வளவுதான். கரையான் வந்தால் திரும்ப மருந்து அடித்துக் கொடுப்பார்கள், தின்ற நிலைக்கும் கதவுக்கும் பொறுப்பில்லை. எத்தனை லிட்டர், என்ன மருந்து, எந்தெந்தக் கட்டத்தில் அடித்தார்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஆனால் பில்லில் வெளிச்சுவரைச் சுற்றி அடித்ததாகவும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த வேலை வெளிப்பக்க மண் நிரப்பிய பிறகு நடக்க வேண்டியது. அப்போது யாருமே வரவில்லை. எங்கள் வீட்டுச் சுற்றளவு 38 மீட்டர், மீட்டருக்கு 2.25 லிட்டர் என்று ஏறக்குறைய 85 லிட்டர் அங்கே போயிருக்க வேண்டும்.

இப்போது வேறொருவரை வைத்துச் சரிசெய்திருக்கிறேன். சுவரோரமாக ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்தை இறக்கி, மேலே சிமெண்ட் வைத்து அடைத்தார். அவர் நேர்மையாக ஒன்று சொன்னார். துளை போட்ட இடத்தைச் சுற்றித்தான் மருந்து பரவும், அறையின் நடுவில் தரைக்குக் கீழே இருக்கும் மண் அப்படியேதான் இருக்கும். வெறும் மண்ணாகக் கிடந்த அந்த ஒரு நாளில் செய்திருக்க வேண்டியதை இனி முழுமையாகச் செய்ய முடியாது.

என் தங்கை வீட்டுக்குப் போன வாரம் இதே கட்டம் வந்தது. குழாய் எல்லாம் பதித்து முடிந்த பிறகே மருந்துக்கு ஆள் வரச் சொன்னோம். 200 லிட்டர் டிரம் இரண்டை நிறுத்தி, சீல் உடைக்காத பாட்டிலை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தே உடைக்கச் சொல்லி, எத்தனை டிரம் காலியானது என்று சுவரில் கரித்துண்டால் கோடு போட்டோம். குழி குத்தாமல் தொடங்கப் பார்த்தார்கள், நிறுத்தினேன். முடிந்ததும் நாலு இடத்தில் கம்பியால் கிளறிப் பார்த்தோம். நான்கிலும் விரல் நீளத்துக்கு ஈரம் இருந்தது. அன்று மாலையே பாலித்தீன் விரிப்பு போட்டு, மறுநாள் காலையில் காங்கிரீட் போட்டுவிட்டோம், நடுவில் யாரையும் மண்ணில் கடப்பாரை வைக்க விடவில்லை.