நிஃப்டி ஏறுது, பங்குகள் ஏறுதா? ஏ/டி லைன், 200 நாள் சதவீதம், ஈக்வல் வெயிட்: எது எப்போ கை கொடுக்கும்

நிஃப்டி புது உச்சம்னு டிவில ஓடிட்டு இருக்கும், நம்ம போர்ட்ஃபோலியோவைத் திறந்தா ஒரே சிவப்பா இருக்கும். இது எப்படின்னு முதல்ல கணக்கா பார்த்துடலாம். நிஃப்டி 24,000ல இருக்குன்னு வச்சுக்கோங்க, அதுல 13 சதவீதம் வெயிட் உள்ள ஒரு பேங்க் பங்கு 2.5 சதவீதம் ஏறுது, 9 சதவீதம், 8 சதவீதம் வெயிட் உள்ள இன்னும் ரெண்டு பங்கு தலா 2 சதவீதம் ஏறுது. இந்த மூணு மட்டுமே இண்டெக்ஸுக்கு 0.665 சதவீதம் குடுத்துடும். மீதி 47 பங்கும் சேர்த்து வெயிட் 70 சதவீதம், அதுங்க சராசரியா 0.3 சதவீதம் இறங்கினா இழப்பு வெறும் 0.21. நிகரமா 0.455 சதவீதம், அதாவது நிஃப்டி 109 பாயிண்ட் மேல. 47 பங்கு இறங்குன நாளை நியூஸ்ல "மார்க்கெட் ஏற்றம்"னுதான் படிப்பாங்க. ஊர் கூடித் தேர் இழுக்கறதுக்கும் மூணு பேர் மட்டும் இழுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் இண்டெக்ஸ் நம்பர்ல தெரியாது, அதைக் காட்டத்தான் ப்ரெட்த் டேட்டா.

இதை அளக்க நாலஞ்சு வழி இருக்கு, ஆளாளுக்கு ஒண்ணைத் தூக்கிப் பிடிப்பாங்க. என்னைக் கேட்டா சண்டை முக்கியமா ரெண்டுக்கு நடுவுலதான், ஏ/டி, அதாவது அட்வான்ஸ்/டிக்ளைன் லைனா இல்ல 200 நாள் சராசரிக்கு மேல இருக்கற பங்குகளோட சதவீதமா. மூணாவதா ஈக்வல் வெயிட் இண்டெக்ஸ்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், சாயங்காலம் ஆப்ல காட்டற "அட்வான்ஸ் இத்தனை, டிக்ளைன் இத்தனை"ங்கற ஒரு நாள் கணக்கை மட்டும் வச்சு ரேலி ஆரோக்கியமா இல்லையான்னு முடிவு பண்ணாதீங்க. பிஎஸ்இ கணக்குல கிட்டத்தட்ட நாலாயிரம் பங்கு வருது, அதுல நிறைய, நாளுக்கு சொற்பமா கை மாறுற பென்னி ஸ்டாக், அப்பர் சர்க்யூட்ல மாட்டிட்டு தினமும் ஏறிட்டே இருக்கறதும் அதுல ஒரு ஓட்டு, ரிலையன்ஸும் ஒரு ஓட்டு. அதனால நான் எல்லாத்தையும் நிஃப்டி 500க்குள்ள மட்டும்தான் எண்ணுவேன், லிக்விடிட்டி உள்ள பங்குகள், மிட்கேப் ஸ்மால்கேப்பும் உள்ள வந்துடும். கீழ நம்ம ஊருக்குச் சொல்ற ஏ/டி லைன், 200 நாள் சதவீதம் ரெண்டும் அந்த 500க்குத்தான்.

ஏ/டி லைன் போடறது ரொம்ப சுலபம், ஏறின பங்குல இருந்து இறங்கின பங்கைக் கழிச்சு நேத்து கணக்கோட கூட்டிட்டே வரணும்:

```
AD(இன்று) = AD(நேற்று) + (ஏறியவை - இறங்கியவை)
```

ஒரு வாரத்தைப் போட்டுப் பாருங்க. திங்கள் 280 ஏறி 215 இறங்குச்சு, +65. செவ்வாய் 190க்கு 305, லைன் -50க்கு வந்துடும். புதன் 230க்கு 262, -82. வியாழன் நல்ல நாள், 310க்கு 185, +43க்கு ஏறிடும். வெள்ளி 175க்கு 320, வாரக் கடைசில -102. அதே வாரம் நிஃப்டி 1 சதவீதம் மேல முடிஞ்சிருந்தா அது ஒரு டைவர்ஜன்ஸ். ஒரு வாரம் இப்படி இருந்தா ஒண்ணும் அர்த்தமில்ல, ஆறேழு வாரம் நிஃப்டி மேல மேல போக லைன் முந்தின உச்சத்தைத் தொட முடியாம இருந்தாத்தான் நான் கவனிக்க ஆரம்பிப்பேன். இன்னொண்ணு, -102ங்கற நம்பருக்குன்னு தனியா அர்த்தம் கிடையாது, எங்க இருந்து கூட்ட ஆரம்பிச்சோமோ அதைப் பொறுத்து மாறும். லைன் எந்தப் பக்கம் போகுது, முந்தின உச்சத்தைத் தாண்டுச்சா, இது ரெண்டுதான் பார்க்கணும்.

இதோட பெரிய குறை, 0.05 சதவீதம் ஏறினதும் 8 சதவீதம் ஏறினதும் இதுக்கு ஒண்ணுதான். ஒரு பங்கு நாலு நாள் கால் சதவீதம் கால் சதவீதமா ஏறி அஞ்சாவது நாள் 6 சதவீதம் விழுந்தா ஏ/டி கணக்குல அது நாலு ப்ளஸ் ஒரு மைனஸ், கைல இருக்கறவருக்கோ நஷ்டம்.

200 நாள் சதவீதம் இந்த இடத்துலதான் ஜெயிக்குது. நிஃப்டி 500ல எத்தனை பங்கோட க்ளோஸ் அதனோட 200 நாள் சராசரிக்கு மேல இருக்குன்னு எண்ணி 500ஆல வகுத்தா போதும், ஸ்கேனர்ல `close > sma(close,200)` மாதிரி ஒரு கண்டிஷன் போட்டா எண்ணிக்கை வந்துடும். இது 0க்கும் 100க்கும் நடுவுல நிக்கறதால இன்னைக்கு 45னா அதுக்கு நேரடியா அர்த்தம் இருக்கு, பாதிக்கு மேல பங்குகள் நீண்ட காலப் போக்குல கீழ இருக்கு. கால் சதவீத ஏற்றமெல்லாம் இதை ஏமாத்தாது, பங்கு உண்மையிலயே மேல நிக்கணும்.

ரெண்டையும் 2018ல வச்சுப் பார்த்தா நல்லா விளங்கும். 2018 ஜனவரி கடைசில நிஃப்டி 11,130 கிட்ட உச்சம், மிட்கேப் ஸ்மால்கேப்பும் அந்த மாசம்தான் உச்சம் தொட்டுச்சு. அப்புறம் பட்ஜெட்ல நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு 10 சதவீத வரி வந்துச்சு, செபி 2017 அக்டோபர்ல போட்ட மியூச்சுவல் ஃபண்ட் வகைப்பாட்டு விதிப்படி லார்ஜ்கேப்னா மார்க்கெட் கேப்ல முதல் 100 கம்பெனிதான்னு ஆனதால ஃபண்டுங்க தங்களோட பங்குகளை மாத்தி அடுக்க வேண்டியதாச்சு, கூடுதல் கண்காணிப்புப் பட்டியல்ல பல சின்னப் பங்குகள் போச்சு. ஆகஸ்ட் 28ல நிஃப்டி 11,738ல முடிஞ்சு புது உச்சம். ரிலையன்ஸ் அந்த மாசம்தான் 8 லட்சம் கோடி மார்க்கெட் கேப்பைத் தாண்டுச்சு, டிசிஎஸும் அந்த வருஷம் பின்னி எடுத்துச்சு. ஆனா மிட்கேப் இண்டெக்ஸ் ஜனவரி உச்சத்தைத் தாண்டவே இல்ல, ஸ்மால்கேப் அதை விட ரொம்பக் கீழ.

ஏ/டி லைன் இதை மே, ஜூன்லயே சொல்லிடுச்சு, சரிஞ்சுக்கிட்டே வந்து ஆகஸ்ட்ல நிஃப்டி உச்சத்துல இருந்தப்போ அது ஜனவரி அளவுக்குப் பக்கத்துல கூட இல்ல. 200 நாள் சதவீதமும் ஜனவரில இருந்ததை விட வெகுவா கீழ. ரெண்டும் ஒரே பதில்தான் சொல்லுச்சு. அப்புறம் செப்டம்பர்ல ஐஎல்&எஃப்எஸ்ங்கற நிதி நிறுவனம் கடன் தவணை தவறி என்பிஎஃப்சி பங்குகள் ஆட்டம் கண்டு, அக்டோபர் 26ல நிஃப்டி 10,030, ரெண்டே மாசத்துல 14 சதவீதத்துக்கு மேல போச்சு. ஐஎல்&எஃப்எஸ் வரப்போகுதுன்னு ப்ரெட்த் சொல்லல, சொல்லவும் முடியாது. தாங்கிப் பிடிக்கற பங்கு சொற்பம், ஒரு அடி விழுந்தா ஆட்டம் பலமா இருக்கும்ங்கறதை மட்டும்தான் சொல்லுச்சு.

ஈக்வல் வெயிட்டை இங்க பொருத்திப் பார்த்தா அதோட எல்லை தெரியும். நிஃப்டி 50 ஈக்வல் வெயிட்ல ஒவ்வொரு பங்குக்கும் 2 சதவீதம், காலாண்டுக்கு ஒரு தடவை சரி பண்ணுவாங்க. அதை நிஃப்டியால வகுத்து சார்ட் போட்டா லைன் சரிஞ்சா பெரிய தலைங்க மட்டும் இழுக்குதுன்னு அர்த்தம். எவ்வளவு ஏறுச்சுங்கறதையும் கணக்குல எடுக்கறதால ஏ/டி லைன் குறை இதுல இல்ல, டேட்டாவும் தயாரா கிடைக்கும். 2018ல இதுவும் பின்தங்கத்தான் செஞ்சுது. ஆனா இது பார்க்கறது அதே 50 பங்கைத்தான், மிட்கேப்ல நடந்த ரத்தக்களரி இதுக்குத் தெரியவே தெரியாது. நிஃப்டி ஈடிஎஃப் மட்டும் வச்சிருக்கறவருக்கு இது போதும், மிட்கேப் ஃபண்ட் வச்சிருக்கறவருக்குப் போதாது.

இதுவரைக்கும் பார்த்தா 200 நாள் சதவீதம்தான் ஒரு படி மேலன்னு தோணும். 2020 ஏப்ரலுக்கு வாங்க, கதை தலைகீழ். மார்ச் 23ல நிஃப்டி 7,610ல முடிஞ்சு, ஏப்ரல் 7 ஒரே நாள்ல 700 பாயிண்ட்டுக்கு மேல ஏறுச்சு. அப்போ 200 நாள் சதவீதத்தைப் பார்த்தா அடிமட்டத்துல கிடக்கும், ஏன்னா பங்குகள் அவ்வளவு விழுந்திருக்கு, சராசரியைத் தொடவே மாசக்கணக்காகும். அதை நம்பி "இது ஆரோக்கியமில்லாத ரேலி"ன்னு உட்கார்ந்தவங்க பெரிய ஏற்றத்தை விட்டுட்டாங்க. ஏ/டி லைனுக்கு அந்தப் பாரம் கிடையாது, அன்னன்னைக்கு எத்தனை பேர் ஏறினாங்கன்னு மட்டும் கேக்கும், அதனால அடிமட்டத்துல சீக்கிரம் திரும்பும். 200 நாள் கணக்குதான் வேணும்னா அடிமட்டத்துல 50 நாள் சராசரிக்கு மாத்திக்கலாம், கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும்.

ஆக, பெரிய சரிவுக்கு அப்புறம் முதல் மூணு நாலு மாசம் ஏ/டி லைன், ரேலி வயசாகி ஒரு வருஷம் தாண்டின பிறகு 200 நாள் சதவீதம், இதுதான் என் முடிவு.

ஆனா ப்ரெட்த் கெட்டுப்போச்சுன்னு உடனே வித்துட்டு ஓடறதும் ஆபத்து, இதை ரொம்ப அழுத்திச் சொல்லணும். அமெரிக்காவுல நியூயார்க் எக்ஸ்சேஞ்சோட ஏ/டி லைன் 1998 ஏப்ரல்லயே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிச்சுடுச்சு, எஸ்&பி 500 உச்சம் தொட்டது 2000 மார்ச்ல, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு. 2023ல எஸ்&பி 24 சதவீதம் ஏறுச்சு, அதோட ஈக்வல் வெயிட் ஏறினது ஏறக்குறைய அதுல பாதி, ஏழு பெரிய டெக் கம்பெனிதான் எல்லாம்னு வருஷம் பூரா பேசினாங்க, 2024லயும் இண்டெக்ஸ் 20 சதவீதத்துக்கு மேல போச்சு. நம்ம ஊர்லயே 2019 பூரா மிட்கேப் 2018 உச்சத்துக்குக் கீழ கிடக்க நிஃப்டி 12,000ஐத் தாண்டி 2020 ஜனவரில 12,362 வரைக்கும் போச்சு, அதைக் கவுத்தது கொரோனா. அதனால ப்ரெட்த் மோசமானா நான் புதுசா பணம் போடறதைக் குறைப்பேன், ஸ்டாப் லாஸை நெருக்கமா கொண்டு வருவேன், கைல இருக்கறதை விக்கறதுக்கு நிஃப்டியோட விலையே உடையணும்.

சொந்தமா பழைய டேட்டா எடுத்து டெஸ்ட் பண்றவங்க ரெண்டு இடத்துல தவறிடாதீங்க. போனஸ், ஸ்ப்ளிட் சரி பண்ணாத விலையை வச்சா 1:1 போனஸ் கொடுத்த பங்கு ஒரே ராத்திரியில பாதி விலைக்கு விழுந்த மாதிரி காட்டும், மாசக்கணக்குல 200 நாள் சராசரிக்குக் கீழன்னு தப்பா எண்ணிட்டே இருக்கும். அதை விடப் பெருசு, இன்னைக்கு உள்ள நிஃப்டி 500 லிஸ்ட்டை வச்சு 2018ஐ எண்ணறது. வருஷத்துக்கு ரெண்டு தடவை லிஸ்ட் மாறுது, அப்போ உள்ள இருந்த டிஹெச்எஃப்எல், ஜெட் ஏர்வேஸ் எல்லாம் இப்போ கிடையாது, விழுந்தவங்க எல்லாரையும் தூக்கிட்டு பிழைச்சவங்களை மட்டும் எண்ணினா 2018 ப்ரெட்த் இருந்ததை விட நல்லா தெரியும், சிக்னல் வரவேண்டிய இடத்துல வராது. அந்தந்த காலத்து லிஸ்ட் கிடைக்கலன்னா மிட்கேப், ஸ்மால்கேப் இண்டெக்ஸை நிஃப்டியால வகுத்த சார்ட்டைப் பாருங்க, இண்டெக்ஸ் மதிப்பு அந்தந்த நாள் லிஸ்ட்ல போட்டது, அதனால அதுல இந்தக் கோளாறு வராது.