கேப்எம்மா, ஃபாமா-ஃபிரெஞ்ச் மூணு ஃபேக்டரா: ஒரு ஸ்டாக்குக்கு என்ன ரிட்டர்ன் எதிர்பாக்கலாம்?

வேல்யுவேஷன் பண்றவங்க கிட்ட காஸ்ட் ஆஃப் ஈக்விட்டி, அதாவது ஷேர் வாங்குறவங்க எதிர்பாக்குற ரிட்டர்ன், எவ்ளோன்னு கேட்டா பெரும்பாலும் கேப்எம் (CAPM)ங்கற மாடலத்தான் போடுவாங்க. ரிஸ்க் இல்லாத வட்டி, அதுக்கு மேல பீட்டா தடவை மார்க்கெட் பிரீமியம், முடிஞ்சுது. மார்க்கெட் பிரீமியம்னா அந்த வட்டிக்கு மேல மார்க்கெட் குடுக்குற கூடுதல் ரிட்டர்ன், பீட்டான்னா மார்க்கெட் ஆடுறப்ப ஸ்டாக் எவ்ளோ சேந்து ஆடுதுங்கற அளவு. 1992, 93ல யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் அமெரிக்க டேட்டாவ வெச்சு காட்டுனது என்னன்னா, சின்ன கம்பெனிங்களும், புத்தக மதிப்போட ஒப்பிட்டா சீப்பா கிடைக்கிற வேல்யூ ஸ்டாக்குகளும் பீட்டா சொல்றத விட சராசரியா அதிகமா குடுத்திருக்கு. அதனால சைஸுக்கு SMB, வேல்யூவுக்கு HML, இப்படி ரெண்டு ஃபேக்டர சேத்தாங்க.

HML எப்படி வருதுன்னு தெரிஞ்சா மிச்சம் ஈஸி. வருஷா வருஷம் ஜூன் கடைசியில ஸ்டாக்குகள சைஸ்ல ரெண்டா, புத்தக மதிப்பு/சந்தை மதிப்புல மூணா பிரிச்சு ஆறு கூடையா வெப்பாங்க. வேல்யூ கூடை ரெண்டோட சராசரி ரிட்டர்ன்ல இருந்து புத்தக மதிப்போட ஒப்பிட்டா விலை கூடுதலா இருக்குற குரோத் கூடை ரெண்டோட சராசரிய கழிச்சா HML. சின்னது மூணுல இருந்து பெருசு மூண கழிச்சா SMB.

ஒரு ஸ்டாக்குக்கு போடணும்னா வழக்கமா 60 மாச ரிட்டர்ன எடுத்து இத ஓட்டுவாங்க:

```
R - RF = a + b*(Mkt-RF) + s*SMB + h*HML
```

இதுல R ஸ்டாக்கோட ரிட்டர்ன், RF ரிஸ்க் இல்லாத வட்டி, Mkt மார்க்கெட் ரிட்டர்ன். b, s, h மூணும் அந்தந்த ஃபேக்டரோட ஸ்டாக் எவ்ளோ சேந்து ஆடுதுன்னு சொல்லும், a எதுலயும் அடங்காத மிச்சம்.

இப்ப ரெண்டு கற்பனை அமெரிக்க ஸ்டாக். ரிஸ்க் இல்லாத வட்டி 4%, மார்க்கெட் பிரீமியம் 5%, சைஸ் 2%, வேல்யூ 3%னு வெச்சுக்குவோம். முதல்ல ஒரு சின்ன ஊர் பேங்க், கேப்எம் பீட்டா 1.1, அதனால 9.5%. மூணு ஃபேக்டர்ல b 1.0, s 0.7, h 0.8 வருது, அப்போ 4 + 5 + 1.4 + 2.4, அதாவது 12.8%. அடுத்து ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி, கேப்எம் பீட்டா 1.2, அதனால 10%. மூணு ஃபேக்டர்ல b 1.1, s -0.2, h -0.5, கூட்டினா 7.6%. கேப்எம்ல சாஃப்ட்வேர்தான் கொஞ்சம் மேல, மூணு ஃபேக்டர்ல பேங்க் அஞ்சு பாயிண்ட் மேல போயிடுச்சு, வரிசையே தலைகீழ். வருஷம் 100 டாலர் வளர்ச்சியே இல்லாம காலாகாலத்துக்கும் வருதுன்னா 9.5%ல அந்த பேங்கோட மதிப்பு 1,053 டாலர், 12.8%ல வெறும் 781.

கவனிச்சீங்களா, பேங்கோட மார்க்கெட் பீட்டா 1.1ல இருந்து 1.0 ஆச்சு. மூணையும் ஒண்ணா ரிக்ரெஷன்ல போடுறப்ப b மாறும், அதனால எங்கயோ ஒரு சைட்ல கிடைச்ச கேப்எம் பீட்டாவ அப்படியே வெச்சுக்கிட்டு மேல சைஸ், வேல்யூவ மட்டும் கூட்டுறது தப்பு, இத நிறைய பேர் பண்றாங்க. அதே மாதிரி ஃபிரெஞ்ச் அவரோட டேட்டா லைப்ரரில குடுக்குற எண்லாம் சதவீதத்துல இருக்கும், உங்க ஸ்டாக் ரிட்டர்ன் 0.02ன்னு தசமத்துல இருந்தா b 1 பக்கம் வர வேண்டிய இடத்துல 0.01 வரும், அத பாத்தாலே எங்க சொதப்பல்னு தெரிஞ்சிடும். RFஐ ஸ்டாக் ரிட்டர்ன்ல இருந்து மட்டும் கழிச்சா போதும், Mkt-RFல ஏற்கனவே கழிச்சாச்சு, SMB, HML ரெண்டும் வாங்கி-வித்த வித்தியாசம், அதுல கழிக்கக் கூடாது.

அப்போ மூணு ஃபேக்டர்தான் பெஸ்ட்டான்னா, இங்கதான் எனக்கு தயக்கம். நடந்த ரிட்டர்ன விளக்குறதுக்கு, குறிப்பா ஒரு ஃபண்ட் மேனேஜர் நிஜமாவே திறமைசாலியா இல்ல சும்மா சின்ன வேல்யூ ஸ்டாக்கா வாங்கி வெச்சிருக்காரான்னு பாக்க, கேப்எம் பக்கத்துலயே நிக்காது. வரப்போற ரிட்டர்ன்னா கதை வேற, ஏன்னா அந்த 3% பிரீமியமே ஆட்டம் காணுது. HML வருஷத்துக்கு 12% அளவுல ஏறி இறங்குதுன்னு வெச்சுக்கிட்டா, 64 வருஷ டேட்டா இருந்தாலும் சராசரியோட பிழை 12ஐ 8ஆல வகுத்து 1.5%. அதாவது நிஜ பிரீமியம் 0ல இருந்து 6 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். 2007க்கு அப்புறம் 2020 வரைக்கும் அமெரிக்காவுல வேல்யூ அடி மேல அடி வாங்கிச்சு, 2022ல திரும்ப எழுந்துச்சு, நீங்க எந்த வருஷத்துல டேட்டாவ வெட்டுறீங்களோ அதுக்கு ஏத்த பதில் வரும். ஃபாமாவும் ஃபிரெஞ்சுமே 1997ல இண்டஸ்ட்ரி வாரியா காஸ்ட் ஆஃப் ஈக்விட்டி போட்டுப் பாத்துட்டு, ரெண்டு மாடல்லயுமே பிழை வருஷத்துக்கு 3%க்கு மேலன்னு எழுதுனாங்க, இண்டஸ்ட்ரிக்கே இப்படின்னா தனி ஸ்டாக்குக்கு கேக்கவே வேணாம்.

அதனால ஒத்த ஸ்டாக்குக்கு நான் ரெண்டையும் போடுவேன். ரெண்டும் ஒரு பாயிண்ட்டுக்குள்ள வந்தா கேப்எம்மே போதும். மேல அந்த பேங்க் மாதிரி 3.3 பாயிண்ட் இடிச்சா, இந்த 60 மாசத்துக்கு பதிலா அதுக்கு முந்தின 60 மாசத்த எடுத்து h அப்படியே நிக்குதான்னு பாப்பேன், அதே மாதிரி வேற சின்ன பேங்குகளோட h சராசரியையும் பாப்பேன். ரெண்டு இடத்துலயும் 0.8 பக்கம் நின்னா மூணு ஃபேக்டர் நம்பர எடுத்துக்கலாம், 0.2, 1.3ன்னு குதிச்சா விட்டுடலாம்.

2015ல அவங்களே லாபத்தையும் முதலீட்டையும் சேத்து அஞ்சு ஃபேக்டர் கொண்டு வந்தாங்க, அதுல அமெரிக்க டேட்டாவுல HML தேவையில்லாத ஃபேக்டரா போச்சுன்னு அவங்களே சொன்னது தனி கூத்து.