அழிந்த மெசேஜைத் தேட வாட்ச்சா, கார் செட்டா?

கல்முனையில் மீன் வியாபாரி ஒருவருக்குக் கொழும்பிலிருந்து வட்ஸ்அப்பில் விலை வருகிறது. அரை மணித்தியாலத்தில் அனுப்பியவரே "Delete for everyone" கொடுத்து அதை எடுத்துவிடுகிறார். ஃபோனில் ஒன்றும் இல்லை. அதன் நகல் எங்கேயாவது இருக்குமா என்றால், நான் முதலில் கையில் கட்டியிருப்பதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

விலை குறைந்த பேண்டுகள் ஃபோனில் வரும் நோட்டிஃபிகேஷனின் எழுத்தைத் தங்களிடம் பிரதி எடுத்துவைக்கும். ஃபோனில் அது மறைந்தாலும் பல பேண்டுகள் தம் பட்டியலில் அப்படியே விட்டுவிடும். கூகுளின் வெயர் ஓஎஸ்ஸில் ஓடும் வாட்ச்சில் இந்த வாய்ப்புக் குறைவு. அது ஃபோனோடு ஒத்தே நடக்கும். அங்கே போனது இங்கேயும் போகும்.

ஆகவே எல்லாம் இணைப்பைப் பொறுத்தது. முதல் வேலை ஃபோனை அணைப்பது. அப்பிள் வாட்ச்சில் ஏரோபிளேன் மோட் மட்டும் போதாது, வழமையாக அது புளூடூத்தை நிறுத்தாமல் விட்டுவிடும். செட்டிங்ஸில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். பிறகு பட்டியலைத் திறந்து, வேறு ஃபோனால் திரையைப் படம் எடுங்கள். எதையும் தட்டி நீக்க வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: "புது ஃபோனில் இணைத்துப் பார்ப்போம்" என்று இறங்குகிறார்கள். பேண்டின் இணைப்பை நீக்கி மறுபடி இணைத்தால் பெரும்பாலும் ரீசெட் ஆகி, உள்ளே இருந்ததும் போய்விடும்.

கிடைப்பதும் முழுதாக இராது. நீண்ட மெசேஜ் பாதியில் வெட்டுப்படும், புதியது வர வரப் பழையது தள்ளப்படும், படமும் குரல் பதிவும் பெயரளவில்தான். அந்த நேரம் ஃபோனில் அந்த அரட்டை திறந்திருந்தால் நோட்டிஃபிகேஷனே வந்திருக்காது. நீங்கள் அனுப்பியவை பெரும்பாலும் இரா.

வாட்ச் இல்லாதவர்கள் அண்ட்ரோய்ட் 11 முதல் உள்ள "Notification history" பக்கத்தைப் பார்க்கலாம். முன்பே இயக்கி வைத்திருந்தால் கடைசி 24 மணித்தியாலத்துக்கு உதவும்.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அண்ட்ரோய்ட் ஓட்டோ, கார்பிளே இரண்டும் ஃபோனின் காட்சியைத் திரையில் போடுபவை. வயரைக் கழற்றினால் அங்கே படிக்க மெசேஜ் இல்லை. புளூடூத் வழியாக மெசேஜ் காட்டும் செட்டுகள் பெரும்பாலும் எஸ்எம்எஸ்தான் எடுக்கும், அதுவும் ஃபோனில் அனுமதி கொடுத்திருந்தால். ஃபோன் மறுபடி இணைந்தால் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, அழித்தது அங்கேயும் போகலாம். அதனால் வண்டியைத் திறக்குமுன் ஃபோனின் புளூடூத்தை நிறுத்துங்கள். மட்டக்களப்பில் ஓடும் ரிகண்டிஷன் கார்களின் ஜப்பான் செட்டுகள் சிலவற்றில் மெசேஜ் வசதியே கிடையாது.

ஆனால் தொலைந்தது மெசேஜ் அல்ல, நம்பர் என்றால் கார் கைகொடுக்கும். பல செட்டுகள் ஃபோன் புத்தகத்தையும் அழைப்புப் பட்டியலையும் பிரதி எடுத்து வைக்கின்றன. வண்டியை விற்கும் முன் செட்டின் ஜோடிப் பட்டியலிலிருந்து உங்கள் ஃபோனை நீக்குவதும் அதனால்தான்.