பேக்ஹேண்டில் மூன்று ரப்பர்கள்: சித்தூரில் ஐந்து ஆண்டு ஆட்டம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் மாலை நேரங்களில் டேபிள் டென்னிஸ் ஆடும் நான், கடந்த ஐந்து ஆண்டுகளில் மட்டையின் பேக்ஹேண்டு பக்கத்தில் மட்டும் மூன்று வகை ரப்பர்களை ஒட்டிப் பார்த்திருக்கிறேன். ஃபோர்ஹேண்டில் என்றும் வழவழப்பான இன்வெர்ட்டட் ரப்பர்தான்.

முதலில் பேக்ஹேண்டிலும் அதையே வைத்திருந்தேன். பந்தைப் பற்றிப் பிடித்து நாம் விரும்பும் சுழலை அது ஏற்றித் தரும். அதே பிடிப்பினால் எதிராளியின் சுழலுக்கும் உடனே ஆட்பட்டுவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஈரம் படிந்தால் பந்து வழுக்குவதால், புள்ளிக்குப் புள்ளி துடைக்க வேண்டியிருந்தது.

பிறகு ஓராண்டு, குட்டையான முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷார்ட் பிம்பிள்ஸ். பந்து மேற்பரப்பில் குறைவாகவே ஒட்டுவதால் வரும் சுழல் அதிகம் தொந்தரவு செய்யவில்லை. தட்டையாக அடித்த பந்து வேகமாகப் போய் எதிராளி எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து இறங்கியது. ஆனால் அடிக்க வாகான பந்து வராதபோது நானே சுழல் உண்டாக்க முடியாமல் தவித்தேன்.

மூன்றாண்டுகளாக, அடியில் ஸ்பாஞ்சு அடுக்கு இல்லாத லாங் பிம்பிள்ஸ். நீளமான, வளையக்கூடிய இதன் முனைகள் பந்தைப் பற்றுவதில்லை. பந்து பெரும்பாலும் முன்பு சுழன்ற திசையிலேயே சுழன்றபடி திரும்புகிறது. ஆனால் பயணத் திசை மாறிவிட்டதால், எதிராளி முன்னோக்கிச் சுழலவிட்டு அனுப்பிய டாப்ஸ்பின் அவருக்கே பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின்னாகப் போய்ச் சேர்கிறது. இதன் அடியில் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தால், அது தடிமனாக ஆக, வேகம் கூடும், இந்தத் திருப்பம் குறையும்.

அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். எதிராளி என் பேக்ஹேண்டுக்குப் பலமான டாப்ஸ்பின் அடிக்கிறார். நான் மட்டையைச் சும்மா பிடித்துக் காட்டுகிறேன். பந்து பேக்ஸ்பின்னுடன் மெதுவாகத் திரும்ப, சாதாரண பிளாக் என்று எண்ணி மறுபடி அதே போல் அடித்தவரின் பந்து வலையில் விழுகிறது. அடுத்த முறை எச்சரிக்கையாகக் கீழிருந்து வெட்டித் தள்ளுகிறார். அந்த பேக்ஸ்பின் என் பிம்பிள்ஸில் பட்டு, லேசான டாப்ஸ்பின்னுடனோ சுழலே இல்லாமலோ போகிறது. அதை இன்னும் பேக்ஸ்பின் என்று நம்பி மறுபடி தள்ளினால் பந்து மேலே எழும்பி என் ஃபோர்ஹேண்டுக்கு விருந்தாகிறது. “பந்துக்குப் பேய் பிடிச்சிருக்கா அண்ணா?” என்று ஒரு தம்பி கேட்டதுண்டு.

இது ஒளித்து வைக்கும் வித்தையன்று. ஆட்டத்துக்கு முன் எதிராளி என் மட்டையை வாங்கிப் பார்க்கலாம். விதிப்படி ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் அதிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறமாகவும் இருக்க வேண்டும்.

பலவீனமும் பெரியதே. சுழலற்ற, மெதுவான பந்தை அந்தப் பக்கம் அனுப்பினால் திருப்பிக் கொடுக்க ரப்பரிடம் எதுவும் இல்லை. அதைக் கண்டுகொண்டவரிடம் நான் பெரும்பாலும் தோற்றிருக்கிறேன்; இப்போது அத்தகைய பந்துக்கு மட்டையைக் கையிலேயே சுழற்றி, இன்வெர்ட்டட் பக்கத்தால் அடிக்கப் பழகி வருகிறேன்.