ஏயூசியா, காலிபரேஷனா: கணிப்பு மாதிரிக் கட்டுரையில் எதைப் பார்ப்பது?

ஒருவருக்கு நோய் வரும் ஆபத்து எத்தனை சதவீதம் என்று சொல்வது கணிப்பு மாதிரி. அதன் ஆர்ஓசி வளைவின் கீழுள்ள பரப்பு, அதாவது ஏயூசி 0.80 என்றால் என்ன பொருள்? நோய் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், வந்தவருக்கே மாதிரி அதிக ஆபத்து சொல்லியிருக்கும் வாய்ப்பு 80%. அது வரிசையை மட்டும்தான் பார்க்கிறது. சொன்ன எண் சரியா என்று பார்ப்பது காலிபரேஷன்.

ஒரு கணக்கு போடுவோம். 1000 பேரில் 100 பேருக்கு நோய் வந்தது. மாதிரி சொன்ன சராசரி ஆபத்தோ 20%. எல்லாருடைய எண்ணையும் பாதியாக்குங்கள். வரிசை மாறாது, ஏயூசி அதே 0.80. ஆனால் 15 சதவீதத்துக்கு மேல் மருந்து என்பது விதியானால், பாதியாக்காமல் விட்டால் உண்மையில் 8% ஆபத்துள்ளவருக்கு மாதிரி 16% என்று சொல்லி மருந்தை எழுத வைத்துவிடும். ஏயூசியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அதற்காக காலிபரேஷன் மட்டும் போதுமா? எல்லாருக்கும் 10% என்று சொல்லும் மாதிரியின் சராசரி கச்சிதமாகப் பொருந்தும், ஏயூசி 0.5தான், யாரையும் பிரித்துக் காட்டாது.

நான் முதலில் தேடுவது, மாதிரியை உருவாக்கப் பயன்படாத வேறொரு தரவில், சொன்ன ஆபத்தையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிட்டு வரைந்த காலிபரேஷன் படத்தை. அதன் கோட்டின் சரிவு 1-ஐ விட நன்றாகக் குறைந்து, 0.6 போல இருந்தால், உயர்ந்த ஆபத்துகளை மிகையாகவும் தாழ்ந்தவற்றைக் குறைத்தும் சொல்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் சிறிய தரவில் மிகையாகப் பொருத்தியதன் அடையாளம். காலிபரேஷனைச் சோதிக்கும் ஹாஸ்மர்–லெமஷோ சோதனையின் பி-மதிப்பை மட்டும் தந்தால் எனக்குத் திருப்தியில்லை, தவறு எந்தப் பக்கம் என்று அது சொல்லாது.

இன்னொரு வித்தியாசம்: காலிபரேஷன் பிழையை உள்ளூர்த் தரவு கொண்டு பெரும்பாலும் சரிசெய்யலாம். மோசமான ஏயூசியை அப்படித் தேற்ற முடியாது, அதற்குப் புதிய தகவல் வேண்டும்.